வீரய்யாவின் கோட்டுக் கை

"கோட்டு வேணாம் தங்கச்சி. வெறும் சட்டையா வரைஞ்சிருங்க. வெள்ளச் சட்டை. கை முழுசா இருந்தாலும் சரி, முழங்கையோட நின்னாலும் சரி."

"ஒங்க அம்மா கோட்டுன்னுதானே சொல்லிட்டுப் போனாங்க?"

"அம்மா சொல்லும். தெவசத்தன்னைக்கு மால போட வர்றவரு மூஞ்சிய நேருக்கு நேரா பாக்கப் போறது நான்தானே?"

ஐவி எழுந்து சன்னல் திரையை இன்னும் கொஞ்சம் ஒதுக்கினாள். வெளியே மழை இல்லை; மூடுபனிதான் வீதிக்கு இறங்கி வந்து, எதிர்க்கடைப் பலகையைப் பாதி தின்றுவிட்டு நின்றது. மேசைமேல் கிடந்த படத்துக்கு அந்த வெளிச்சம் போதவில்லை.

சீமை மகாராணி இந்தத் தீவுக்கு வந்துபோன மறு வருஷம் அது. தலவாக்கலையில், ஸ்டேஷனுக்கு இறங்குகிற வழியில், இராயப்பனின் ஸ்டூடியோ இருந்தது. இராயப்பன் படம் எடுப்பார். அவர் மகள் ஐவி படத்தைத் திருத்துவாள். கல்யாணப் பெண்ணின் கன்னத்து வடுவைப் போக்குவதும், சிமிட்டிய கண்ணைத் திறப்பதும், கரையான் தின்ற பாட்டன்மாருக்கு மூக்கு வைப்பதும் அவள் வேலை. எதிரே நின்றவன் சின்னராசா. வட்டகொடைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைக் கிளைகள் கீறிய கோடுகள் அவன் முன்னங்கை முழுக்க இருந்தன. அவனுடைய அப்பா வீரய்யா செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தெவசம். வீட்டில் இருந்த ஒரே படத்தை அம்மா காளியாயி போன வாரம் சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்திருந்தாள்.

படத்தில் வீரய்யா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம், இளமையான காளியாயி, இடுப்பில் குழந்தையோடு. குழந்தை தலையை ஆட்டியிருந்ததால் முகம் புகைபோலக் கலைந்திருந்தது. அந்தப் புகைதான் இப்போது மீசை வைத்துக்கொண்டு முன்னால் நின்று கோட்டு வேண்டாம் என்கிறது. வீரய்யாவின் வலது பக்கம் கறுப்புக் கோட்டு. இடது பக்கம் ஒன்றுமில்லை. கழுத்துப் பட்டையில் தொடங்கி, தோள், மேற்கை, மணிக்கட்டு என்று கிழிபட்டுப் போயிருந்தது. கிழிசலுக்குக் கீழே, பூச்சாடி வைத்த சிறு மேசையின் விளிம்பில், அவருடைய நாலு விரல் மட்டும் உடம்பில்லாமல் கிடந்தது.

"கங்காணி ஐயா கிழிச்சது அது," என்றான் சின்னராசா. "ஒங்களுக்கு அம்மா சொல்லியிருக்கும்."

சொல்லியிருந்தாள். வீரய்யா அப்போது வாலிபம். மூத்த பிள்ளை பிறந்த சந்தோசத்தில், பூண்டுலோயாத் திருவிழாவுக்குப் போகிற மாதிரி சொல்லிவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த ஸ்டூடியோவில் படம் எடுத்தார். படம் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே, தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்க்கிற பெரிய கங்காணி கந்தப்பன் விஷயம் கேள்விப்பட்டு வாசலுக்கு வந்துவிட்டார். படத்தைக் கையில் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தாராம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, தன் மடியில் செருகிக்கொண்டு போனாராம். தோட்டத்துக்கே அர்த்தம் புரிந்தது. தொரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி நிற்கிற கூலிக்காரன், படத்திலே என்றாலும் கோட்டு மாட்டலாமா? அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் எந்தத் தொழிலாளியும் கோட்டுப் போட்டுப் படம் எடுக்கவில்லை.

"இப்ப அந்தக் காலமில்லயே அண்ணே. சங்கமெல்லாம் இருக்கு."

"சங்கம் தலவாக்கலையில இருக்கு. நான் மேல இருக்கேன்." சின்னராசா சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "ஐயா கத்த வேணாம், அடிக்க வேணாம். காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுல எம் பேரைக் கூப்பிடாம தாண்டிப் போனாப் போதும். ரெண்டு நாள் தாண்டுனா, மூணாம் நாள் பேரு வெட்டியாச்சும்பாங்க. பேரு போனா லயத்து அறையும் போச்சு. வீட்டுல பொண்டாட்டிக்கு மாசம் ஏழு. கூரைக்கு எங்க போவேன்? அம்மாவுக்கு இது வெளங்க மாட்டேங்குது. செத்தவருக்குக் கோட்டு மாட்டணுமாம்."

"தெவசத்து மாலைய அவருதான் போடணுமா? வேற யாரும் போடக்கூடாதா?"

"எங்க தோட்டத்துல மொத மால பெரிய கங்காணி மாலதான். அதுக்கப்புறந்தான் பெத்த புள்ள மால."

ஐவி படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். "சட்டை வரையலாம். ஆனா வலது பக்கம் கோட்டு நிக்குதே? அதையும் மறைச்சாத்தான் சட்டை சேரும். அப்ப அப்பாவப் பாதிக்கு மேல நான்தான் வரையணும். மூஞ்சி மட்டுந்தான் அவரோடதா இருக்கும்."

"மூஞ்சி இருந்தாப் போதும்," என்றான் அவன். பிறகு கதவருகே போனவன் திரும்பி, "எதுக்கும் நான் இன்னிக்குப் பொழுதுக்குள்ள ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன். அவரு உத்தரவு குடுத்துட்டா அம்மா ஆசப்பட்டதே நடக்கட்டும்," என்றான்.

"கேக்காதீங்க அண்ணே," என்று ஐவி சொல்வதற்குள் பனி அவனை எடுத்துக்கொண்டது. உத்தரவு கேட்டுக் கேட்டே பழகிய கால்கள். தெவசத்துக்குக்கூடக் கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

*

பழைய படத்தின்மேல் ஐவி ஒரு புள்ளிகூட வைக்கமாட்டாள். அப்பா சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. கிழிந்த படத்தைப் பலகையில் குத்தி, பெரிய கேமராவால் இராயப்பன் அதைப் படமெடுத்தார். அந்த நெகட்டிவிலிருந்து பளபளப்பில்லாத தாளில் பெரிய பிரதி ஒன்று போட்டார். வேலையெல்லாம் அந்தப் பிரதியின் மேல்தான். வரைந்து முடிந்ததும் அதை மறுபடி படமெடுப்பார்கள். அப்போது தூரிகைக் கோடும் வெள்ளைச் சாயமும் ஒரே படலத்துக்குள் அமுங்கி, கடைசியாக வருகிற படத்தில் எது பழசு எது புதுசு என்று தெரியாமல் போகும்.

பிரதியில் கிழிசல் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறத்தில், ஓரங்கள் பிசிறடித்து நின்றது. ஐவி பென்சிலால் தோள் வளைவை மெல்லக் கோடிட்டாள். விரல்கள் மேசையில் இருக்கின்றன. ஆகவே மணிக்கட்டு இங்கே. ஆகவே முழங்கை இங்கே மடிந்திருக்க வேண்டும். கையின் எலும்பு கிடைத்துவிட்டது. துணிதான் கிடைக்கவில்லை. வலது கையைப் பார்த்து வரையலாம் என்றால், வெளிச்சம் விழுந்தது இடப்பக்கத்து மேல்சன்னலிலிருந்து. வலது கையும் அந்தப் பக்கத்துக் கழுத்துப் பட்டையும் நிழலில் வெறும் கறுப்பாய்க் கிடந்தன. அதன் மணிக்கட்டையோ காளியாயியின் சேலை மறைத்திருந்தது. கறுப்பு என்றால் கறுப்பை அப்பிவிட முடியாது. கோட்டுத் துணிக்குள் கறுப்பு எத்தனையோ மாதிரி. தோளில் சாம்பல் பூத்த கறுப்பு, மடிப்பின் அடியில் ஈரக் கறுப்பு, தையல் ஓடுகிற இடத்தில் ஒரு மயிரிழை வெளிச்சம். கண்ணால் பார்க்காமல் அதை வரைந்தால் அது கோட்டாக இருக்காது. கரி பூசின பலகையாக இருக்கும்.

"அந்தக் கோட்டு நம்மளோடதுதானே?" என்றாள் அப்பாவிடம். இராயப்பன் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருந்தார்.

"வேற யாருது? இந்தா, அந்த ஆணியிலதான் தொங்கும். கேட்டவனுக்கெல்லாம் மாட்டிவிடுவேன். ஒங்க அம்மா பெட்டியில வச்சா, பூச்சி தின்னுருச்சு."

"வீரய்யா எடுத்த படத்தோட நெகட்டிவ் தட்டு?"

துணிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "ஒருக்கா எடுத்துட்டுப் போனவங்க தட்டெல்லாம் எவன் வச்சிருப்பான்? சுடுதண்ணியில கழுவி ஃபிரேமுக்குக் கண்ணாடியாப் போட்டாச்சு. யாரு வீட்டுல எவன் மூஞ்சிக்கு மேல இருக்கானோ வீரய்யா! திரும்பத் திரும்பப் பிரதி கேட்டவங்க தட்டுதான் உள்ளாற இருக்கும். அந்தக் கோட்டோட ஏதாவது கெடைக்குதான்னு பாரு."

உள்ளறையில் தட்டுப் பெட்டிகள் தூசும் ஈரமுமாக இருந்தன. ஐவி ஒவ்வொரு கண்ணாடித் தட்டாக உருவிச் சன்னலுக்கு நேரே பிடித்தாள். எல்லாம் தலைகீழ் உலகம். வெள்ளை முடிக் குமரிகள், கறுத்த பல் சிரிப்புகள், இருட்டான வானத்துக்குக் கீழே பாலாய் ஒளிரும் தேயிலைச் செடிகள். பிறகு ஒரு தட்டில், பனிபோல் வெளுத்த கோட்டு அணிந்த ஒரு மனிதர். இடது கை அதே சிறு மேசைமேல். தலையில் தலைப்பாகை.

அவள் அதை வெளிச்சத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். கழுத்துப் பட்டை மற்றத் துணியிலிருந்து வேறுபட்டிருந்தது, வெல்வெட்டு. வெளிச்சத்தைத் திருப்பித் தராமல் விழுங்குகிற துணி. மணிக்கட்டில் பொத்தான்கள். ஒன்று, அதன் கீழே இன்னொன்று. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் நூல் மட்டும் சிலுப்பிக்கொண்டிருந்தது.

கிடைத்துவிட்டது என்ற சந்தோசத்தில் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தவள், அந்த மனிதரின் முகத்தை அப்போதுதான் பார்த்தாள். தட்டிலே எதிர்மறையாக இருந்தாலும் மூக்கும் முறுக்கு மீசையும் யாருக்கும் தெரியும். பெரிய கங்காணி கந்தப்பன்.

இதே படம் பெரிதாக்கிச் சட்டமிடப்பட்டு அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் தொங்குகிறது. திருவிழாப் படம் எடுக்க அப்பாவோடு போனபோது அவளே பார்த்திருக்கிறாள். கீழே நின்ற பெண்கள் பெருமையாய்ச் சொன்னதும் நினைவிருந்தது. 'ஐயாவுக்குப் பெரிய கங்காணிப் பட்டம் குடுத்தப்ப, தொரை தன் கோட்டையே கழட்டி மாட்டிவிட்டாராம். சீமைக் கோட்டு!'

அது இங்கே ஆணியில் தொங்கிய கோட்டு.

ஒரு கூலிக்காரன் கோட்டு மாட்டினான் என்பதற்காக அவர் கிழிக்கவில்லை. அவர் கிழித்தது எந்தப் பக்கத்தை? வெல்வெட்டுப் பட்டை இருந்த பக்கத்தை. அறுந்த பொத்தான் இருந்த கையை. கோயிலில் தினமும் கும்பிடு போடுகிற ஊர், லயத்தில் இந்தப் படத்தையும் பார்த்தால், இரண்டு பேரும் ஒரே கோட்டுக்குள் உட்கார்ந்திருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதைத்தான் அவர் மடியில் செருகிக்கொண்டு போனார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு தோட்டமே தவறான காரணத்துக்காகப் பயந்துகொண்டிருந்தது.

ஐவி தட்டைக் கொண்டுவந்து மேசையில் சாய்த்து வைத்தாள். எந்தக் கையால் அதைத் தேடி எடுத்தாளோ அந்தக் கையைக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். இப்போது அவள் கோட்டை வரைந்தால் இந்தக் கோட்டைத்தான் வரைய வேண்டும். வேறு கோட்டு அவளுக்குத் தெரியாது.

*

வெள்ளிக்கிழமை காளியாயி வந்தாள். கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்தவள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. ஈரக் கம்பளியை வாசலில் உதறிப் போட்டுவிட்டு, பிரதியின் முன்னால் வந்து நின்றாள். வெல்வெட்டுப் பட்டை முடிந்திருந்தது. தோளும் மேற்கையும் முடிந்திருந்தன. மணிக்கட்டுதான் பாக்கி.

"தோளு வந்துருச்சே!" அவள் விரலை நீட்டினாள், தொடவில்லை. "சாமி, இந்தத் தோளுதான். வேற யாருக்கும் இந்த எறக்கம் வராது."

"அம்மா, ஒங்க மவன் வந்தாரு. சட்டை போதும்னாரு."

"அவன் கெடக்கான். அவனப் பெத்ததுக்குத்தான் அந்தக் கோட்டையே மாட்டுனாரு அவரு." காளியாயி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சீவிக்கிற காலத்துல, கிழிஞ்ச படத்தைப் பொட்டியில வச்சுக்கிட்டு, ஒரு நாளும் வெளிய எடுக்கல. ஏன்னு கேட்டா, 'கை இல்லாதவனை எதுக்குடி மாட்டுற'ம்பாரு. இப்ப எடுக்கறேன். முழுசா எடுக்கணும். மவன் பயந்தா பயப்படட்டும், நான் மால போடறப்ப அவரு கையோட உக்காந்திருக்கணும்."

ஐவி தயங்கிக் கேட்டாள். "கை ஓரத்துல எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லாம? பொத்தான் ஒண்ணு அந்துருந்துச்சு. நூலு மட்டும் இருந்துச்சு. ஒங்க அப்பா 'ஆடாத, ஆடாத'ங்கறாரு, இவரு கட்ட வெரலால அந்த நூலைத் தடவிக்கிட்டே இருக்காரு. 'எரவல் கோட்டுல இதையும் நாம அத்துட்டோம்னு சொல்லிருவாங்களோடி'ன்னு என் காதுல கேட்டாரு. எனக்குச் சிரிப்பு. படத்துல பாரு, வாய் ஓரத்துல சிரிப்பு இருக்கா இல்லையா?"

இருந்தது. இத்தனை நாள் ஐவி அதைத் தாளின் மடிப்பு என்று நினைத்திருந்தாள்.

"அப்படியே வரைஞ்சிரு, ஆயி. பொத்தான் அந்தது அந்தபடி இருக்கட்டும். கூடக்கொறய ஒண்ணும் போடாத. போட்டா அது அவரு கை இல்ல."

கோயில் படத்திலும் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஐவியின் நாக்கு நுனிவரை வந்தது. காளியாயி அதைப் பார்த்ததில்லையா? பார்த்திருப்பாள். கும்பிடப் போகிறவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள், பொத்தானை எண்ணமாட்டாள். ஆனால் வீரய்யா? அந்த நூலைக் கட்டை விரலால் தடவினவர். கோயில் மண்டபத்தில் நின்று ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதுமே. தெரிந்துகொண்டேதான் கை இல்லாதவனாக இருந்து செத்தாரா?

"சனிக்கெழம மத்தியானம் வந்து பாருங்கம்மா, படம் ராத்திரிக்குள்ள கெடைக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

*

சனிக்கிழமை இராயப்பன் ஒரு ஞானஸ்நானப் படத்துக்காக ஹட்டன் பஸ் ஏறிப் போய்விட்டார். வந்ததும் திருத்திய பிரதியை மறுபடி படமெடுத்துக் கழுவ வேண்டும். அதற்குள் மணிக்கட்டு முடிந்திருக்க வேண்டும். ஐவி தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். முதல் பொத்தானை வைத்தாள்: கறுப்பு வட்டம், அதன் நெற்றியில் கடுகளவு வெள்ளை. இரண்டாவதைத் தொடங்கும்போது வாசலில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது.

பெரிய கங்காணி கந்தப்பன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு. இப்போது சொந்தக் கோட்டு, நல்ல கம்பளித் துணி. வயசு அவரைக் கோட்டுக்குள் சுருக்கியிருந்தது. தோள் இரண்டும் உள்ளே எதையும் தாங்காமல் தொங்கின. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, படம் எடுக்க உட்கார்கிறவர்களின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"அப்பா இல்லயா பாப்பா?"

"ஹட்டனுக்குப் போயிருக்காங்க ஐயா. சாயங்காலம் வருவாங்க."

"நல்லது." தடியை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். "சின்னராசா வந்து எங்கிட்ட உத்தரவு கேட்டான். அப்பனுக்குப் படம் போடறானாம். நல்ல பய. நல்ல வேலக்காரன். அவன் பேரு பெரட்டுல நெலைக்கணும்னு நானும் நெனைக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அந்த வார்த்தை இன்னும் கனமாய் விழுந்தது. மேசைமேல் கிடந்த துணியை எடுத்துப் பிரதியை மூடுவதா, மூடாமல் இருப்பதா என்று அவள் யோசிப்பதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார்.

பார்த்தார்.

முன்னொரு நாள் லயத்து வாசலில் எப்படிப் பார்த்திருப்பார் என்று ஐவி இப்போது நேரில் கண்டாள். முகத்தில் கோபமே இல்லை. படிக்கட்டில் ஒரு படி இல்லாததைக் கால் வைத்த பிறகு அறிந்தவனின் முகம்.

"இந்தப் பட்டை," என்றார். "இது வெல்வெட்டுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

தட்டு மேசையின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. மறைக்க நேரமில்லை, மறைத்தால் இன்னும் மோசம். "ஐயாவோட தட்டு உள்ளாற இருந்துச்சு. அதப் பாத்துத்தான் வரைஞ்சேன். வேற மாதிரி இல்லாமப் போச்சு."

அவர் தட்டைக் கையில் எடுத்தார். சன்னல் பக்கம் திருப்பினார். அதில் அவர் முகம் கறுத்தும் கோட்டு வெளுத்தும் இருந்தன. போட்டு உடைத்துவிடுவார் என்று ஐவி நினைத்தாள்.

உடைக்கவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார்.

"கோட்டே இல்லாம வரைய முடியாதா?"

"முடியும். வலது பக்கத்துலயும் இருக்கிறதக் கத்தியால சொரண்டி எடுத்துட்டு, மேல சட்டை வரையணும். ஆனா அப்ப..." அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். "அப்ப அது வீரய்யா படமா இருக்காதுங்க ஐயா. சட்டைக்கு மேல ஒரு தல இருக்கும், அவ்வளவுதான். காளியாயி அம்மா கோட்டுத்தான் வேணும்னு சொல்லியிருக்காங்க. படம் அவங்களோடது."

"நீ படிச்ச புள்ள. பேசற." மறுபடி நாற்காலிக்குப் போகாமல் மேசையிலேயே கையூன்றி நின்றார். "ஒண்ணு தெரிஞ்சுக்க. தொரை குடுத்த கோட்டுன்னு நான் எந்த நாளும் சொன்னதில்ல. எம் படம் கோயிலுக்கு வந்தன்னைக்கு எவனோ ஒருத்தன் சொன்னான். ஆமாம்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. மறுநாள் காலையில பெரட்டுல நிக்கிற சனம் வேற மாதிரி நிமிந்து பாத்துச்சு. அதுக்கப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது?" அவர் பார்வை வீரய்யாவின் முகத்தில் நின்றது. "இவனுக்குத் தெரியும். எங் கண்ண நேராப் பாத்துக்கிட்டுத்தான் படத்த நீட்டுனான். கிழிச்சப்பவும் பாத்தான். ஒரு சொல்லு கேக்கல. கேட்டிருந்தா அறைஞ்சிருப்பேன், அதோட போயிருக்கும். அதுக்கப்பறம் ஒவ்வொரு நாளும் பெரட்டுல அவன் பேரைக் கூப்பிடறப்ப, நான்தான் கீழ பாத்தேன்."

வாசலில் கம்பளி உதறுகிற சத்தம். ஐவி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். காளியாயி. பின்னால், தலையைத் துண்டால் மூடிக்கொண்டு, சின்னராசா. உள்ளே நிற்பது யார் என்று கண்டதும் அவன் துண்டைத் தலையிலிருந்து இழுத்து அக்குளில் செருகினான், வாசற்படியைத் தாண்டவில்லை. காளியாயி தாண்டினாள்.

"சாமி, பொத்தான் வந்துருச்சா?"

கங்காணி நிமிர்ந்து நின்றார். கும்பிடுவாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். காளியாயி கும்பிட்டாள்தான்; ஆனால் கண் மேசைமேலேயே இருந்தது. "வாங்கய்யா. நாளைக்கு மொத மால ஒங்களோடதுதான். இப்ப நல்லா முழுசா இருக்காரு பாருங்க."

வெளியே ரயில் ஒன்று ஸ்டேஷனுக்குள் மூச்சிரைத்துக்கொண்டு வந்து நின்றது. சின்னராசாவின் உதடு எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தது. அம்மாவையா, கங்காணியையா, தன்னையா என்று ஐவிக்குத் தெரியவில்லை. கோட்டு முழுதாய் இருப்பதை அவன் பார்த்துவிட்டான். இனி என்ன விழும் என்று காத்து நின்றான்.

"கோட்டோடயே இருக்கட்டும்," என்றார் கங்காணி.

சின்னராசாவின் தோள் அப்படியே இறங்கியது. "ஐயா!" என்றான். சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நான்தான் சொன்னேன்ல?" என்றாள் காளியாயி மகனைத் திரும்பிப் பார்த்து. "ஒண்ணுமில்லாததுக்கு ஏழு நாளாச் சோறு திங்காமக் கெடந்தான் இவன்." கம்பளியைப் பிழிவதற்காக அவள் மறுபடி வாசலுக்குப் போனாள். ஈரத் தண்ணீர் படியில் சொட்டுகிற சத்தம் கேட்டது. "பொத்தான் ரெண்டுதான் சாமி, மறந்துறாத!" என்றாள் அங்கிருந்தே.

ஐவி தூரிகையைத் தண்ணீரில் அலசி மறுபடி எடுத்தாள். இரண்டாவது பொத்தானின் நெற்றியில் வெள்ளைப் புள்ளியை வைத்தாள். அதன் கீழே, மணிக்கட்டின் கறுப்பில், ஒரு கடலைப் பருப்பு அளவு இடம் காலியாக இருந்தது. நூல் வரைந்தால் இருபது வருஷம் முன்னால் ஒருவன் தடவிச் சிரித்த நூல். ஒரு மயிரிழை, அவ்வளவுதான்.

கங்காணி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பழைய கம்பளித் துணியின் வாடையும் புகையிலை வாடையும் வந்தன. அவர் குனிந்தார். தோட்டத்து மலை முழுக்க எட்டுகிற குரல் என்று பேர் வாங்கிய குரல், வாசலில் நிற்கிறவளுக்குக் கேட்கக்கூடாது என்று, ஐவியின் காதோரம் மூச்சாய் வந்தது.

"அம்மாடி, கோட்டு அவனுக்கே இருக்கட்டும். அவன் மவன் பேரை நான் இருக்கிற வரைக்கும் எவனும் வெட்டமாட்டான். கோயில் படத்துல இல்லாத அந்த மூணாவது பொத்தானை மட்டும் போட்டுரு. ஒரே ஒரு பொத்தான். போட்டுருவியாம்மா?"